ஸ்டாப்புல எறங்குனா வண்டி இல்ல: ஒரு கண்டக்டர் போட்ட கணக்கு

டபுள்விசில் · ஜூன் 3, இரவு 10.40

பஸ்ஸ விட்டு எறங்குற ஆளுங்கள ஸ்டாப்புலேர்ந்து வீடு வரைக்கும் கொண்டுபோய் விடுறத ஒரு தொழிலா நடத்த முடியுமா? கேக்குறது ஒரு கண்டக்டர். எங்க ரூட்ல ஆறாவது ஸ்டேஜ்ல மெயின் ரோட்லயே பஸ் போயிடும், குடியிருப்பு எல்லாம் மூணரை கிலோமீட்டர் உள்ள இருக்கு. சாயங்காலம் எறங்குறவங்க தினம் எங்கிட்ட ஒரே புகார்தான், "கண்டக்டர் சார், பஸ்ஸ உள்ள திருப்பச் சொல்லுங்க, எறங்குனா ஒரு வண்டி இல்ல". ரூட்ட முடிவு பண்றது நான் இல்லன்னு அவங்களுக்கும் தெரியும், ஆனா கேக்க அவங்களுக்கு வேற யாரு இருக்கா. ஆட்டோ சில நாள் நிக்கும், சில நாள் நிக்காது, நின்னா பஸ் டிக்கெட்ட போல ஆறு மடங்கு கேப்பாங்க.

நேத்து டிக்கெட் போட்டுக்கிட்டே யோசிச்சது இது. முதல் மூணு ஸ்டேஜ்லயே பெரும்பாலும் டிக்கெட் போட்டு முடிச்சிடுவேன், ஆறாவது ஸ்டேஜுக்கு எத்தன பேருன்னு அப்பவே எனக்குத் தெரியும். அதுக்கப்புறம் அங்க போய்ச் சேர 35 நிமிஷம் ஆகும். ஸ்டாப்புல நிக்கிற ஆட்டோக்காரருக்கு அது தெரியாது, அவர் சும்மா காத்திருந்த நேரத்துக்கும் சேர்த்துதான் ஆறு மடங்கு கேக்குறாரு. அந்த 35 நிமிஷத் தகவல வச்சு ஒரு தொழில் பண்ணலாமான்னு மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு.

ஜன்னலோரம் · ஜூன் 4, காலை 7.15

இதுக்கு எதுக்கு தலைய உடைக்கணும், பஸ்ஸுக்கு ஜிபிஎஸ் போட்டு எங்க வருதுன்னு ஃபோன்ல காட்டுனா ஆட்டோக்காரங்க தானா வந்து நிப்பாங்க.

பாஸ்ஹோல்டர் · ஜூன் 4, காலை 8.02

புகார யாருக்கு அனுப்பணும்னு சொல்லுங்க முதல்ல. எங்க ஸ்டாப்புல கை காட்டுனாலும் பஸ் நிக்கவே மாட்டேங்குது, நூறடி தள்ளி நிறுத்தி ஓடி வான்னு சொல்றாங்க, முழங்கால் வலியோட எப்படி ஓடுறது. கண்டக்டர்னு சொல்றீங்களே, நீங்களாவது விசில் அடிச்சு நிறுத்தக் கூடாதா?

டபுள்விசில் · ஜூன் 4, மதியம் 2.30

@பாஸ்ஹோல்டர், டிப்போல புகார் புத்தகம் இருக்கும், பஸ் நம்பர், தேதி, நேரம் மூணையும் எழுதுங்க. நேரம் இல்லன்னா எந்த டிரிப்புன்னு கண்டுபிடிக்க முடியாது, அப்படியே மூடி வச்சிடுவாங்க.

@ஜன்னலோரம், பஸ் எப்ப வருதுன்னு தெரிஞ்சா பாதி வேலைதான் முடியும் தம்பி. அதுலேர்ந்து எறங்குறது ஒருத்தரா ஒம்பது பேரான்னு ஜிபிஎஸ் சொல்லாது. காலி பஸ் கரெக்ட் டைமுக்கு வந்தா ஆட்டோக்காரருக்கு என்ன லாபம்?

பழையடயர் · ஜூன் 4, இரவு 9.50

ரொம்ப வருஷம் ஷேர் வண்டி ஓட்டுனவன் நான், அதனால ஒண்ணு சொல்றேன். டிக்கெட் மிஷின்ல வர்ற எண்ணிக்கைய நம்பி வண்டிய எறக்காதீங்க. மிஷின் சொல்றது ஸ்டேஜ், ஸ்டாப் இல்ல. ஒரு ஸ்டேஜுக்குள்ள ரெண்டு மூணு ஸ்டாப் இருக்கும், எல்லாருக்கும் ஒரே டிக்கெட்தான். அதுல உங்க ஸ்டாப்புல எறங்குறவங்க எத்தன பேரு? அப்புறம் பாஸ் வச்சிருக்கவங்க. அவங்களுக்கு நீங்க டிக்கெட்டே கிழிக்கிறதில்ல, ஆனா தினம் வந்துபோறவங்களே அவங்கதான், அப்ப உங்க முக்கியமான ஆளுங்க மிஷின் கணக்குலயே இல்ல. ஒரு சின்ன நோட்டு வாங்குங்க, ஸ்டாப்புல நிக்கும்போது படியப் பாத்து எண்ணுங்க. எறங்குனவங்க எந்தப் பக்கம் போறாங்கன்னும் பாருங்க.

டபுள்விசில் · ஜூன் 12, இரவு 11.05

அண்ணன் சொன்ன மாதிரியே எண்ணுனேன். 6.40 டிரிப்ப மட்டும் சொல்றேன், மத்ததும் கிட்டத்தட்ட அதே கதைதான்.

மிஷின்ல ஆறாவது ஸ்டேஜுக்கு 9 டிக்கெட். ஸ்டாப்புல எறங்குனது 14 பேரு, ஏன்னா பாஸ்காரங்க நெறைய. அந்த 14ல 5 பேர கூட்டிட்டுப் போக வீட்லேர்ந்து டூவீலர்ல ஆள் வந்து நின்னுச்சு. 3 பேரு எதிர்ப்பக்கம் ரோட்ட தாண்டி நடந்துட்டாங்க, அவங்க வீடு அங்கதான். மிச்சம் 6 பேரு உள்ள போறவங்க. ரெண்டு மூணு நாள் எண்ணுனேன், ஒண்ணு கூடும் ஒண்ணு குறையும், ஆறுதான் வருது.

ஒரு விஷயம் என்னை யோசிக்க வச்சது. தினம் எங்கிட்ட சத்தமா புகார் சொல்ற ஒருத்தருக்கு அவர் மகனே பைக்ல வந்து காத்திருக்கான். நடந்து போற ஒரு அம்மா ஒரு நாள் கூட எங்கிட்ட வாய் திறந்ததில்ல, கைல ரெண்டு பை, அப்படியே இருட்டுல நடந்து போயிடறாங்க. புகார எண்ணுனா ஒரு கணக்கு வருது, காலப் பாத்து எண்ணுனா வேற கணக்கு வருது.

நடராஜாசர்வீஸ் · ஜூன் 13, காலை 6.20

மூணரை கிலோமீட்டர் நடந்தா உடம்புக்கு நல்லதுதானே, நாங்கல்லாம் நடந்தோமே.

ஆறுமணிபஸ் · ஜூன் 13, காலை 9.40

உங்க நோட்டுல நான் இல்ல கண்டக்டர் சார். என் மாதிரி இன்னும் நெறைய பொண்ணுங்களும் அதுல இல்ல. வேலைல ஏழரை வரைக்கும் இருந்தா கூடுதல் சம்பளம் வரும், ஆனா அந்த நேரத்துக்கு ஸ்டாப்புல எறங்கி இருட்டுல நடக்க முடியாதுன்னு அஞ்சு மணிக்கே கிளம்பி வெளிச்சத்தோட வீடு போயிடறோம். 7.40 பஸ்ஸுல ஆள் கம்மியா இருக்குன்னு எழுதி வைப்பீங்க, வண்டி இல்லாததாலதான் அந்த பஸ்ஸுல ஆள் இல்ல. வண்டி வந்து அது தினம் வரும்னு நம்பிக்கை வந்தப்புறம் எண்ணிப் பாருங்க.

@நடராஜாசர்வீஸ், நீங்க நடந்தப்ப பின்னாடி யாராவது வர்றாங்களான்னு திரும்பித் திரும்பி பாத்துக்கிட்டே நடந்தீங்களா?

பழையடயர் · ஜூன் 13, இரவு 10.10

ஆறுமணிபஸ் சொல்றது நூத்துக்கு நூறு. இப்ப கணக்குக்கு வருவோம். காசு ஊருக்கு ஊர் மாறும், அதனால ஒரு பஸ் டிக்கெட்ட ஒரு பங்குன்னு வச்சுக்குவோம்.

ஏழு பேர் உக்கார்ற வண்டி. உள்ள போய் ஆள எறக்க 12 நிமிஷம், காலியா திரும்ப 8 நிமிஷம், ஆக 20. உங்க பஸ் அரைமணிக்கு ஒண்ணுன்னா ஒரே வண்டி எல்லா பஸ்ஸுக்கும் வந்து நிக்க முடியும், நல்லது. எரிபொருள், டிரைவர் கூலி, டயர் தேய்மானம், காத்திருக்குற நேரம் எல்லாம் போட்டா ஒரு நடைக்கு 7 பங்கு செலவுன்னு வைங்க. தலைக்கு 2 பங்கு வாங்குனா நாலு பேர் ஏறுனாத்தான் 8 பங்கு வந்து கைய கடிக்காது. மூணு பேர்னா நஷ்டம். சாயங்காலம் திரும்பி வர்ற பக்கம் ஆளே கிடைக்காதுங்கிறத மறக்காதீங்க, இந்தத் தொழில்ல ஆள சாய்க்கிறதே அந்த காலி நடைதான்.

இன்னொண்ணு, பர்மிட். மொத்தமா வாடகைக்குப் போற பர்மிட் வேற, தலைக்கு இவ்வளவுன்னு ஏத்தி எறக்குற பர்மிட் வேற. சொந்த வண்டில காசு வாங்கி ஆள ஏத்துனீங்க, நாளைக்கு ஏதாவது அடிபட்டா இன்சூரன்ஸ் கை விரிச்சிடும். ஏற்கனவே சரியான பர்மிட்டோட ஓட்டுற ஆளப் புடிங்க, நீங்க வண்டி வாங்காதீங்க.

ஜன்னலோரம் · ஜூன் 14, காலை 7.40

கண்டக்டரே டிரைவருக்கு ஃபோன் போட்டு ஆறு பேர் வர்றாங்கன்னு சொல்லிடலாமே, முடிஞ்சு போச்சு.

டபுள்விசில் · ஜூன் 14, இரவு 11.20

நானும் முதல்ல அப்படித்தான் நெனச்சேன் தம்பி. டூட்டில இருக்கும்போது ஃபோன்ல பேசி வெளி வண்டிக்கு ஆள் சேர்த்தா, செக்கிங் ஏறுன அன்னைக்கு என் வேலைக்கு யார் பதில் சொல்றது. அது போக நான் லீவு போட்டா அன்னைக்கு யார் சொல்லுவா? தகவல் எங்கிட்டேர்ந்து போகக் கூடாது, பயணிகிட்டேர்ந்தே போகணும்னு தோணுது. பஸ் ஏறுன உடனே வண்டிக்காரர் நம்பருக்கு ஒரு மிஸ்டு கால். எடுக்க வேணாம், பேச வேணாம், செலவும் இல்ல. ஆறு மிஸ்டு கால் வந்தா ஆறு பேரு.

ஸ்டாப்புக்கு பக்கத்துல நிக்கிற ஒரு வண்டிக்காரர்கிட்ட பேசுனேன், தலைக்கு ஏத்துற பர்மிட் அவர்கிட்ட இருக்கு. "சார், ஆள் வரும்னு முன்னாடியே தெரிஞ்சா நான் ஏன் ஆறு மடங்கு கேக்கப் போறேன்"னாரு. ஸ்டாப் கம்பத்துல அவர் நம்பர எழுதி ஒரு அட்டை மாட்டப் போறாரு.

டபுள்விசில் · ஜூலை 2, இரவு 10.55

ஓடுது. முதல் சில நாள்ல பட்டத எழுதி வைக்கிறேன், வேற யாராவது பண்ணா உதவும்.

மிஸ்டு கால ரெண்டு பேர் சேர்ந்து வந்தா ஒருத்தர்தான் குடுப்பாங்க, அப்ப ஒரு காலுக்கு ரெண்டு தலை. சிலர் வரலன்னு பயந்து மூணு தடவை அடிப்பாங்க, அது ஒரே நம்பர்தான், டிரைவர் நம்பரப் பாத்து ஒண்ணா எண்ணிக்கிறாரு. ஜோடியா வர்றவங்க ரெண்டு ஃபோன்லேர்ந்தும் அடிக்கணும்னு அட்டைல ஒரு வரி சேர்த்தப்புறம் எண்ணிக்கை சரியாச்சு. ஏழுக்கு மேல கால் வந்தா யார் முதல்ல அடிச்சாங்களோ அவங்களுக்கு சீட்டு, மத்தவங்களுக்கு டிரைவரே திருப்பிக் கூப்பிட்டு ரெண்டாவது நடைன்னு சொல்லிடுவாரு. சண்டை வராததுக்கு காரணம் அந்த ஒரு ஃபோன்தான்.

பெரிய அடி விழுந்தது ஒரு மழை நாள்ல. 6.40 பஸ் லேட், லேட்டாக லேட்டாக ஒவ்வொரு ஸ்டாப்புலயும் ஆள் அதிகம் சேர்ந்து ஏறி இன்னும் லேட். பின்னாடி 7.10 பஸ் காலியா வேகமா வந்து ஒட்டிக்கிச்சு. ரெண்டும் ஒண்ணா ஸ்டாப்புல நிக்குது, 11 பேர் வண்டிக்கு. முதல் ஏழு பேர் போனாங்க, நாலு பேர் 20 நிமிஷம் மழையில நின்னாங்க. அந்த நாலு பேர்ல ரெண்டு பேர் அடுத்த வாரம் பூரா வரல.

பழையடயர் · ஜூலை 3, காலை 6.50

பஸ் ஒட்டி வர்றத நம்ம வண்டி டிரைவரால முன்னாடியே கண்டுபிடிக்க முடியும். ரெண்டு பஸ்ஸுக்கான கால் வழக்கமா அரைமணி விட்டு வரும். லேட்டான பஸ்ஸுக்கு கால் நீண்டு நீண்டு வரும், அதுக்குள்ள அடுத்த பஸ்ஸோட காலும் கலந்து வர ஆரம்பிக்கும். அப்படி கலந்தா பக்கத்துல இருக்குற ஒரு ஆட்டோவ உடனே வரச் சொல்லிடணும். அன்னைக்கு அந்த ஆட்டோவால லாபம் போனாலும் பரவால்ல, ரெண்டு தினசரி ஆள இழந்தா மாசம் பூரா போகும்.

டபுள்விசில் · ஜூலை 19, இரவு 11.30

இப்ப ஒரு சிக்கல்ல வண்டிக்காரருக்கும் எனக்கும் ஒத்துப்போகல. அவரோட ஒரு நாள் கணக்கு இது, பழையடயர் அண்ணன் பங்குலயே சொல்றேன். 6.10க்கு 5 பேர், 6.40க்கு 6, 7.10க்கு 7, 7.40க்கு 4, 8.30க்கு 2, கடைசி 9.30க்கு 1. மொத்தம் 25 தலை, 50 பங்கு வரவு. ஆறு நடைக்கு 42 செலவு. மிச்சம் 8. அவர் சொல்றது, 8.30யும் 9.30யும் விட்டா 22 தலைக்கு 44 வரவு, நாலு நடைக்கு 28 செலவு, மிச்சம் 16, ரெட்டிப்பு. பேப்பர்ல அவர் சொல்றது சரிதான், எனக்கு மனசு ஒப்பல. ஆனா வண்டி அவரோடது, நிறுத்திட்டாரு.

ஜன்னலோரம் · ஜூலை 20, காலை 8.00

ஒரு ஆளுக்காக வண்டி ஓட்ட முடியுமா, அவர் பண்ணது சரிதானே.

டபுள்விசில் · ஆகஸ்ட் 6, இரவு 10.15

கடைசி ரெண்டு நடைய நிறுத்தி ரெண்டு வாரம் தாண்டிடுச்சு, இப்ப வண்டிக்கு வர்றது 6.10க்கு 5, 6.40க்கு 4, 7.10க்கு 4, 7.40க்கு 2. மொத்தம் 15 தலை, 30 பங்கு, செலவு 28. மிச்சம் 2. எட்டரைக்கு வண்டி இல்லன்னா ஏழு மணிக்கு ஏன் ஆள் குறையணும்னு அவருக்குப் புரியல.

எனக்கு காலைல ஸ்டாப்பப் பாத்ததும் புரிஞ்சது, கம்பத்தச் சுத்தி டூவீலர் நின்னுச்சு, ஜூலைல ஒரு டூவீலர் கூட நிறுத்தாம இருந்த இடம். அந்தக் கையில பையோட நடந்த அம்மாவோட மகன் கூட அங்க ஒண்ண நிறுத்தி சாவிய அம்மாகிட்ட குடுக்குறான். காலைல கிளம்பும்போது சாயங்காலம் எந்த பஸ் கிடைக்கும்னு யாருக்கும் தெரியாது. 7.40 பஸ்ஸ விட்டா வண்டி இல்லன்னு தெரிஞ்சவங்க காலைலயே டூவீலர ஸ்டாப்புல நிறுத்திட்டுப் போயிடறாங்க. அப்புறம் 6.40க்கே வந்தாலும் தன் டூவீலர எடுத்துட்டுப் போவாங்களா, நம்ம வண்டில ஏறுவாங்களா? கடைசி நடைல ஏறுனது ஒருத்தர்தான், ஆனா அந்த நடைய நம்பி மத்த நடைல ஏறுனவங்க ஏழு எட்டு பேர் இருந்திருக்காங்க.

ஆறுமணிபஸ் · ஆகஸ்ட் 6, இரவு 10.50

நான் ஜூலைல ரெண்டு வாரம் ஏழரை வரைக்கும் வேலை செஞ்சேன் சார். நிறுத்துனதும் திரும்ப அஞ்சு மணிக்கே கிளம்ப ஆரம்பிச்சிட்டேன், 22 பேர் 15 ஆனாங்களே, அந்தக் குறைஞ்ச ஏழு பேர்ல நானும் ஒருத்தி.

பழையடயர் · ஆகஸ்ட் 7, காலை 7.05

பெரிய வண்டிய கடைசிக்கு ஓட்டாதீங்க. சின்ன ஆட்டோ ஒண்ணு அந்த ரெண்டு நடைக்கு மட்டும், ஒரு நடைக்கு 3 பங்கு செலவு. 8.30க்கு ரெண்டு பேர்னா 4 வரவு, ஒரு பங்கு லாபம். 9.30க்கு ஒருத்தர்னா 2 வரவு, ஒரு பங்கு நஷ்டம். ரெண்டும் நேராயிடும். மிஸ்டு கால் வரலன்னா அவர் வீட்லேர்ந்து கிளம்பவே வேணாம், அதுதான் உங்க ஏற்பாட்டோட பலமே. முன்னாடி நாலு நடையும் பழைய எண்ணிக்கைக்கு வந்தா அந்த 16 பங்கு நிக்கும். ஆனா உடனே வராது, டூவீலர ஸ்டாப்புல நிறுத்திப் பழகுனவங்கள திரும்ப கொண்டு வர மாசக்கணக்கு ஆகும்.

டபுள்விசில் · ஆகஸ்ட் 21, இரவு 11.10

ஆட்டோ ஆரம்பிச்சாச்சு. 6.40க்கு அஞ்சு பேர் ஆயிட்டாங்க, 7.10 இன்னும் நாலுலயே நிக்குது. டூவீலரும் ஒண்ணு ரெண்டு குறைஞ்சிருக்கு.

வேற ஒண்ணு கேக்கணும். வண்டிக்காரர் நேத்து, "இது உங்க யோசனை, தலைக்கு கொஞ்சம் உங்களுக்குத் தர்றேன்"னாரு. வீட்டுக்காரிக்கு சந்தோஷம். எனக்கு குழப்பமா இருக்கு, நான் இன்னும் கண்டக்டர் வேலைலதான் இருக்கேன்.

பழையடயர் · ஆகஸ்ட் 22, காலை 6.40

வாங்கிக்குங்க தம்பி. வீட்டுக்காரி பேர்ல ஒரு ஒப்பந்தம் எழுதுங்க, தப்பே இல்ல. வண்டிக்கு நடை போட்டுக் குடுத்தவருக்கு பங்கு குடுக்குறது இந்தத் தொழில்ல உள்ளதுதான்.

ஆறுமணிபஸ் · ஆகஸ்ட் 22, காலை 10.20

எனக்கு அது சரியாப் படல. நாளைக்கு நீங்க எங்க ஸ்டாப்புல ஒரு நிமிஷம் கூடுதலா பஸ்ஸ நிறுத்துனா, வண்டிக்கு ஆள் வர்றதுக்காக நிறுத்துனீங்களான்னு பஸ்ஸுல இருக்குற மத்தவங்க நெனைப்பாங்க. அட்டையப் பாத்து மிஸ்டு கால் குடுங்கன்னு நீங்க சொல்றத இப்ப நல்ல மனசுன்னு எடுத்துக்குறோம், காசு வாங்குனா அத ஆள் புடிக்கிறதுன்னு எடுத்துக்குவோம். வீட்டுக்காரி பேர்ல எழுதுனா யாருக்குத் தெரியாமப் போகும்?

டபுள்விசில் · ஆகஸ்ட் 23, இரவு 10.35

டிப்போல எழுத்துல கேட்டிருக்கேன், குடும்பத்துல ஒருத்தர் இதுல பங்கு வச்சுக்கலாமான்னு. பதில் வர்ற வரைக்கும் வாங்க மாட்டேன்னு வண்டிக்காரர்கிட்ட சொல்லிட்டேன். அண்ணன் சொல்றதும் நியாயம், அந்தத் தங்கச்சி சொல்றதும் நியாயம், எனக்கு இன்னும் தெளியல.

அதுக்குள்ள காலை நேரத்தப் பத்தி யோசிக்கிறோம். உள்ளேர்ந்து ஸ்டாப்புக்கு ஆள கூட்டிட்டு வந்தா வண்டி ரெண்டு வேளையும் ஓடும். நேத்து வீடு வீடா ஏத்திப் பாத்தோம், அஞ்சு வீட்டுல நின்னு ஏத்துனதுல 12 நிமிஷ நடை 22 நிமிஷம் ஆச்சு, பஸ் போயிடுச்சு. ஒருத்தர் கதவப் பூட்டுற நேரத்துக்கு மத்த நாலு பேரும் காத்திருக்கணும். சாயங்காலம் எறக்கி விடும்போது இந்தப் பிரச்சினை இல்ல, எறங்குறவர் யாரையும் காக்க வைக்கிறதில்ல.

பழையடயர் · ஆகஸ்ட் 24, காலை 6.30

காலைல வீட்டு வாசலுக்குப் போகாதீங்க. உள்ள மூணே மூணு இடம் வைங்க, ஒவ்வொண்ணுக்கும் நேரம் எழுதிப் போடுங்க, வந்து நிக்கிறவங்கள மட்டும் ஏத்துங்க. பஸ் டைமுக்கு 5 நிமிஷம் முன்னாடி ஸ்டாப்புல இருக்குற மாதிரி பின்னாடிலேர்ந்து நேரத்தப் போடுங்க. முதல் வாரம் கொஞ்சம் திட்டுவாங்க, நிக்காம போறத ரெண்டு தடவை பாத்தா சரியா வந்து நிப்பாங்க.

பாஸ்ஹோல்டர் · ஆகஸ்ட் 24, காலை 8.10

கண்டக்டர் சார், டிப்போல நேரம் போட்டு எழுதுனேன். போன வாரம் ரெண்டு நாள் ஸ்டாப்புலயே நின்னுச்சு, நேத்து மறுபடி தள்ளிப் போய் நின்னுச்சு. திரும்ப எழுதட்டுமா?

டபுள்விசில் · ஆகஸ்ட் 24, மதியம் 1.45

எழுதுங்க, நேத்து நேரத்தப் போட்டே எழுதுங்க. அந்த டிரிப்புல எந்த டிரைவர்னு டிரிப் ஷீட்ல இருக்கும், ரெண்டாவது தடவை அதே ஆள் பேர் வந்தா கூப்பிட்டுக் கேப்பாங்க.